ஐந்து நிமிடமா, அளந்து பார்ப்போமா?

நேயர்களுக்கு வணக்கம்.

"நெடுஞ்சாலையிலிருந்து ஐந்தே நிமிடம், பள்ளிக்கூடம் மூன்றே நிமிடம்" என்று மனை விளம்பரம் சொன்னால், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்று கேட்க வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சாலை வழியாக 80 மீட்டர் நடந்தால் ஒரு நிமிடம், மிச்சமுள்ள சில மீட்டருக்கும் முழு நிமிடம். இப்படியொரு விதி இல்லாத இடத்தில் நாமே அளந்துகொள்ள வேண்டியதுதான்.

கூகுள் மேப்பில் திட்டத்தின் பெயரைத் தேடாதீர்கள். அந்தக் குறி பெரும்பாலும் நுழைவு வளைவிலோ விற்பனை அலுவலகத்திலோ இருக்கும். உங்கள் மனை கடைசித் தெருவில் இருந்தால் அரை கிலோமீட்டர்கூட விட்டுப்போகும். மனை இருக்கும் இடத்திலேயே விரலை அழுத்திப் பிடித்துக் குறி வையுங்கள்.

இனி நெடுஞ்சாலை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். Measure distance என்பதைத் தொட்டு, மனையிலிருந்து நெடுஞ்சாலைக் கோடு வரை நேராக அளக்கிறீர்கள், 1.8 கிலோமீட்டர் வருகிறது. இது காக்கை பறக்கும் தூரம். நடுவில் ரயில் பாதை இருக்கிறது. ரயில்வே கேட் வழியாகச் சுற்றிச் சாலையில் போனால் 3.4 கிலோமீட்டர். அங்கேயும் நெடுஞ்சாலை ஓரம்தான் வந்திருக்கிறோம், உள்ளே ஏற வழியில்லை. சர்வீஸ் ரோட்டில் இன்னும் 900 மீட்டர் போனால்தான் ஏறுமிடம். ஆக 4.3 கிலோமீட்டர்.

இதை 60 ஆல் பெருக்கி, விளம்பரம் சொன்ன ஐந்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 52 கிலோமீட்டர். ரயில்வே கேட்டையும் தெரு வளைவுகளையும் தாண்டி அந்தச் சராசரி வேகம் கிடைக்குமா என்பதை நீங்களே சொல்லிவிடலாம். 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் ஒன்பது நிமிடம் ஆகும், கேட் திறந்திருந்தால்.

திரும்பி வரும் வழியைத் தனியாகப் பாருங்கள். நடுத்தடுப்பு இருக்கும் சாலையில் யூ-டர்ன் எங்கே என்பதைப் பொறுத்து, போன தூரமும் வந்த தூரமும் ஒன்றாக இருக்காது.

பள்ளிக்கு வழி கேட்கும்போது Arrive by கொடுத்து, ஒரு வேலை நாளையும் மணி அடிக்கும் நேரத்தையும் போடுங்கள். ஞாயிறு மதியம் பார்த்த நிமிடம் திங்கள் காலைக்கு உதவாது. "10 முதல் 20 நிமிடம்" என்று காட்டினால் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் குறி மைதானத்தின் பின்பக்கம் விழுந்திருந்தால், வாசல் இருக்கும் தெருவில் விரலை அழுத்திப் பிடித்துப் புதுக் குறி வைத்து மறுபடி கேளுங்கள்.

வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே அங்கே சாலை இருப்பதாக நினைக்க வேண்டாம். திட்டத்தின் தெரு பக்கத்துத் தெருவோடு சேர்வதுபோல் வரைந்திருக்கும். நேரில் நடுவில் மதில் நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கினால் சில சமயம் மதிலின் நிழல் தெரியும். படம் பழையதாக இருந்தால் அதுவும் தெரியாது. அந்த ஒரு சந்திப்புக்கு மட்டும் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.