செயலாளர் கடைசியாக வாசிக்கும் அந்த நாலு வரி

வணக்கம் உறவுகளே. இப்போதுதான் எங்கள் சனசமூக நிலையக் கூட்டம் முடிந்தது. பின்னால் பையன்கள் கதிரை அடுக்குகிற சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு 2025 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த கூட்டத்தின் திகதியைச் செயலாளர் எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லப் போகிறேன். நான்தான் செயலாளர்.

போன வருடம் மார்ச் மாதக் கூட்டத்துக்கு நான் "17ஆம் திகதி சனிக்கிழமை" என்று வாசித்துவிட்டேன். 17 ஞாயிற்றுக்கிழமை. கிழமையைப் பிடித்துக்கொண்ட நாலு பேர் சனி பின்னேரம் வந்து பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். திகதியைப் பிடித்த மூன்று பேர் ஞாயிறு வந்தார்கள். நிர்வாகத்தில் ஒன்பது பேர், கூட்டம் நடத்தக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். இரண்டு நாளும் கோரம் இல்லை. சனிக்கிழமை வந்த ஒரு ஐயா கோண்டாவிலில் இருந்து சைக்கிளில் வந்தவர். அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். திகதி, கிழமை இரண்டையும் எழுதி, ஒன்றை மற்றதோடு ஒத்துப் பார்ப்பேன். "வாற ஞாயிறு", "அடுத்த ஞாயிறு" என்று வாசிக்கவே மாட்டேன். எங்கள் ஊரிலேயே அதை ஆளுக்கொரு விதமாக எடுப்பார்கள்.

சரி, இந்த முறை வருவது ஆண்டுப் பொதுக்கூட்டம். வழக்கமாக நாங்கள் மூன்றாவது ஞாயிறு கூடுவோம். ஓகஸ்டில் அது 17. ஆனால் நல்லூர்க் கொடியேற்றம் ஜூலை 29, தேர் ஓகஸ்ட் 21, மறுநாள் தீர்த்தம். 17ஆம் திகதி திருவிழாவின் இருபதாம் நாள். அன்று பின்னேரம் இங்கே யாரைக் கூப்பிடுவது? தலைவரோடு கதைத்து, 31ஆம் திகதி ஞாயிறு என்று முடிவெடுத்தோம்.

அடுத்தது அறிவித்தல் காலம். எங்கள் யாப்பில் பொதுக்கூட்டத்துக்கு 14 முழு நாள் முன்னறிவித்தல் வேண்டும். முழு நாள் என்றால் அறிவித்தல் கொடுக்கிற நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. 31இலிருந்து பின்னால் எண்ணுங்கள்: 30 முதல் 17 வரை 14 நாள். அப்போ 16ஆம் திகதிக்குள் கடிதம் கையில் போய்ச் சேர வேண்டும். 17 அன்று கொடுத்தால் 13 நாள்தான் ஆகும், யாராவது எழும்பி "இந்தக் கூட்டம் செல்லாது" என்றால் பதில் இல்லை. 16 திருவிழாவுக்குள் விழுகிறதே, வீட்டில் யார் நிற்பார்கள்? அதனால் கொடியேற்றத்துக்கு முன்பே, ஜூலை 28க்குள், வீடு வீடாகக் கொடுத்து முடிக்கப் போகிறோம். இன்று வராதவர்களுக்கு என் வாய் அறிவித்தல் போய்ச் சேராது என்பதால் கடிதம் கட்டாயம்.

வாசிக்கும் நேரமும் முக்கியம். நன்றியுரை முடிந்ததும் தேத்தண்ணித் தட்டு உள்ளே வந்துவிடும், பிறகு யாருக்கும் காது இருக்காது. நன்றியுரைக்கு முன்பே எழும்பி வாசித்துவிட வேண்டும். இன்று நான் வாசித்ததை அப்படியே வாசிக்கிறேன்:

"எல்லோரும் ஒரு நிமிடம் இருங்கோ. எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஓகஸ்ட் மாதம் 31ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் 4 மணிக்கு, இதே வாசிகசாலை மண்டபத்தில் நடைபெறும். கணக்கறிக்கையும் புதிய நிர்வாகத் தெரிவும் நடக்கும். பிரேரணை கொடுக்க விரும்புகிறவர்கள் ஓகஸ்ட் 10ஆம் திகதிக்குள் எழுத்தில் என்னிடம் தாருங்கோ. இந்தத் திகதியில் யாருக்கும் இடைஞ்சல் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ."

பிறகு கொஞ்சம் நிறுத்தினேன். அந்த அமைதியில்தான் உண்மையான சிக்கல் வெளியே வரும். பின்வரிசை அக்கா ஒருவர், "தம்பி, அண்டைக்குக் கலியாணம் ஒண்டு, 4 மணிக்கு வர ஏலாது, 5 எண்டால் வரலாம்" என்றார். வேறு இருவருக்கும் அதே கலியாணம். தலைவர் சபையைக் கேட்டார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். 5 மணி என்று திருத்தி முழு அறிவித்தலையும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு விட்டால் பாதிப் பேர் 4 என்றே எழுதி வைத்திருப்பார்கள். முன்வரிசைத் தம்பியிடம் "எப்ப, எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். "31 ஞாயிறு, 5 மணி" என்றான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

கூட்டக் குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: "ஆண்டுப் பொதுக்கூட்டம் 2025 ஓகஸ்ட் 31 ஞாயிறு பி.ப. 5.00 மணிக்கு என சபை ஏற்றுக்கொண்டது." இனி கடிதத்திலும் 5 என்றே போட வேண்டும். பழைய படிவத்தில் 4 என்று அச்சடித்திருக்கிறது, அதைத் திருத்தப் போகிறேன். தேத்தண்ணி ஆறுகிறது, அடுத்த காணொளியில் சந்திப்போம்.