பிரெட்போர்டுல மூடுன வால்வு பிசிபில ஏன் மூடல?

வணக்கம் மக்களே! மாடித் தோட்டத்துக்குத் தண்ணி விடுற சர்க்யூட் ஞாபகம் இருக்குல்ல? மண்ணு காஞ்சா 12 வோல்ட் வால்வு திறக்கும், ஈரமானா மூடும்னு பிரெட்போர்டுல ஓட்டிக் காமிச்சேனே, அதேதான். நம்ம சேனல் பார்க்கற தம்பி ஒருத்தர் அதை பிசிபியா அடிச்சு, ஃபைலை எனக்கு அனுப்பியிருக்காரு. "அண்ணா, பிரெட்போர்டுல கரெக்டா மூடுச்சு. போர்டுல தொட்டி வழிஞ்சாலும் மூட மாட்டேங்குது. புரோகிராம் அதேதான்"னு எழுதியிருக்காரு. இந்த ஃபைலைப் பார்த்ததுல இருந்து எனக்கு வேற வேலையே ஓடல. பிசிபி பத்தி முதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது மொத்தமும் இந்த ஒரு போர்டுல இருக்கு.

திறந்து பார்த்தா, பார்ட்ஸையெல்லாம் வரிசையா அடுக்கிட்டு, ஆட்டோரூட்டர்கிட்ட விட்டிருக்காரு. எனக்கு ஆட்டோரூட்டரைக் கண்டாலே ஆகாது, உங்களுக்கே தெரியும். அது புள்ளிக்குப் புள்ளி இணைக்கும், அவ்வளவுதான். எந்த வழியா எவ்வளவு கரண்ட் போகுதுன்னு அதுக்குத் தெரியாது.

இங்க பாருங்க, ஜூம் பண்றேன். அடாப்டர் ஜாக் இடது ஓரத்துல. வால்வை ஓட்டுற மாஸ்ஃபெட், `IRLZ44N`, அது வலது ஓரத்துல. வால்வுல இருந்து திரும்பி வர்ற கரண்ட், மாஸ்ஃபெட் வழியா, போர்டு முழுக்க 10 சென்டிமீட்டர் நடந்து ஜாக்குக்குப் போகுது. அந்த டிராக் அகலம் கால் மில்லிமீட்டர். மண் சென்சரோட கிரவுண்டும் அதே டிராக்கோட வலது கோடியிலதான் தொத்திக்கிட்டு இருக்கு. புரோகிராம் ஓடற `ATmega328P` சிப்போட கிரவுண்டு ஜாக் பக்கத்துல.

இப்போ கணக்குப் போடுவோம். சாதாரண போர்டுல காப்பர் 35 மைக்ரான் தடிமன். அதுல ஒரு சதுரத் துண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் அரை மில்லி ஓம். கால் மில்லிமீட்டர் அகலத்துல 10 சென்டிமீட்டர்னா 400 சதுரம், அப்போ 0.2 ஓம். வால்வு இழுக்கறது 0.4 ஆம்பியர். பெருக்கினா 80 மில்லிவோல்ட். இவ்வளவுதானான்னு தோணும். ஆனா நம்ம சிப் 5 வோல்ட்டை 1024 படியா பிரிச்சுப் படிக்குது, ஒரு படி 5 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. 80 மில்லிவோல்ட்டுன்னா 16 படி!

இந்த சென்சருக்கு மண்ணு காஞ்சா நம்பர் ஏறும், ஈரமானா இறங்கும். புரோகிராம்ல 450-க்கு மேல போனா திற, 440-க்குக் கீழ வந்தா மூடுன்னு இருக்கு. வால்வு திறந்த அந்த நிமிஷமே சென்சரோட கிரவுண்டு 80 மில்லிவோல்ட் தூக்கிக்கும், நம்பர் 16 ஏறிடும். தண்ணி ஊத்த ஊத்த மண்ணு இன்னும் காஞ்ச மாதிரியே சிப்புக்குத் தெரியும். நிஜமா 424 வரைக்கும் நனைஞ்சாதான் மூடும். தொட்டி வழியாம என்ன செய்யும்?

பிரெட்போர்டுல ஏன் வரலைன்னா, அதுல அவர் வால்வு ஒயரைத் தனியா அடாப்டருக்கே இழுத்துட்டாரு. ஸ்கீமாட்டிக்ல வரைஞ்சப்போ வால்வு கிரவுண்டு, சென்சர் கிரவுண்டு ரெண்டுமே `GND`. பேருல ஒண்ணு, காப்பர்ல ஒண்ணு இல்ல. லேஅவுட்ல தப்பு இருக்கான்னு சாஃப்ட்வேரே பார்க்கற டிஆர்சியை ஓட்டினாலும் ஒரு எர்ரர் வராது. இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். மில்லிவோல்ட் ரேஞ்ச்ல வெச்சு, கருப்பு ப்ரோபை சிப்போட 8-ஆம் பின்லயும், சிவப்பை சென்சர் கனெக்டரோட கிரவுண்டு பின்லயும் வைங்க. வால்வைத் திறங்க. ஜீரோவுக்குப் பக்கத்துல இருந்தா நல்ல போர்டு. தம்பியை வெச்சுப் பார்க்கச் சொன்னேன், 83 வந்துச்சு. கணக்குப் போட்டதுக்கும் மீட்டர் சொன்னதுக்கும் அவ்வளவு பொருத்தம்! அந்த போட்டோவை இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

சரி, அடுத்த போர்டை எப்படிப் போடணும்? டிராக் இழுக்கறதுக்கு முன்னாடி பார்ட்ஸை நகர்த்தி நகர்த்தி வைங்க, நேரத்துல பாதிக்கு மேல அதுக்கே போகட்டும். ஜாக், மாஸ்ஃபெட், வால்வு கனெக்டர், 1N4007 டையோடு, இந்த நாலும் ஒரே மூலையில ஒட்டிக்கிட்டு இருக்கணும். பெரிய கரண்ட் அங்கேயே சுத்தி அங்கேயே முடிஞ்சிடும். சென்சர் எதிர் ஓரத்துக்குப் போகட்டும், சிப் நடுவுல. வால்வு டிராக்கை ஒன்றரை மில்லிமீட்டர் ஆக்குங்க, சிக்னலுக்குக் கால் மில்லிமீட்டரே போதும். அடிப்பக்க லேயர் முழுக்க `GND` காப்பரா நிரப்பிடுங்க, அதுல வேற டிராக்கை நீளமா ஓட்டி வெட்டாதீங்க. 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரை சிப்போட 7, 8 பின்னுக்கு நடுவுல ஒட்டி வைங்க, 20, 22-க்கு இன்னொண்ணு. ஸ்கீமாட்டிக்ல அழகா ஒரு ஓரமா வரைஞ்சிருப்போம், லேஅவுட்லயும் அது அந்த ஓரத்துலயே கிடந்தா பிரயோஜனமே இல்ல.

அய்யோ, மாஸ்ஃபெட் பேசும்போதே சொல்லியிருக்கணும். அதோட உலோக முதுகு டிரெயின். பக்கத்துல நிக்கற 5 வோல்ட் ரெகுலேட்டர் 7805-ஓட முதுகு கிரவுண்டு. ரெண்டும் உரசினா வால்வு திறந்தது திறந்தபடியே இருக்கும். நடுவுல இடம் விடுங்க, ரெண்டையும் ஒரே ஹீட்சிங்க்ல மாட்டவே மாட்டாதீங்க. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் 10 கே ரெசிஸ்டர் ஒண்ணு, சிப் ரீசெட் ஆகுற நேரத்துல வால்வு தானா திறக்காம இருக்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன், பேப்பர் பிரிண்ட்! ஆர்டர் போடறதுக்கு முன்னாடி போர்டை ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல பிரிண்ட் எடுங்க. "பேப்பருக்குள்ள பொருத்து"ன்னு இருக்கறதை எடுத்துட்டு 100 சதவீதம் வைங்க. சிப்போட ஒரு வரிசையில முதல் பின்னுல இருந்து கடைசிப் பின் வரைக்கும் ஸ்கேல் வெச்சா 33 மில்லிமீட்டர் வரணும். வரலைன்னா பிரிண்டர் சுருக்கிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் பேப்பரைத் தெர்மாகோல் மேல ஒட்டி, நிஜ பார்ட்ஸைக் குத்துங்க. 28 பின் சிப்புக்கு லைப்ரரில `DIP-28_W7.62mm`, `DIP-28_W15.24mm`னு ரெண்டு இருக்கு. நம்ம `ATmega328P`-க்கு ஒல்லியானதுதான், 7.62. அகலமானதை எடுத்திருந்தா குத்தும்போதே தெரிஞ்சிடும். தம்பி போர்டுல ஸ்க்ரூ டெர்மினலோட வாய் உள்பக்கமா திரும்பியிருக்கு, ஒயரை போர்டுக்கு நடுவுல இருந்துதான் சொருகணும். ஸ்கிரீன்ல எத்தனை தடவை பார்த்தாலும் கண்ணுல படாது, தெர்மாகோல்ல பத்து விநாடி போதும். ரெண்டு ரூபா பிரிண்ட்! அதை எடுக்காம விட்டா போர்டைத் திரும்ப ஆர்டர் போடணும், அந்தக் கடுப்புல சொல்றேன், கூரியர் சார்ஜ் போர்டு விலையை விட அதிகம். நூறுக்கு நூறு மில்லிமீட்டரைத் தாண்டினா போர்டு விலையும் பல இடத்துல எகிறும். தம்பியோட போர்டு 102. பார்ட்ஸை நகர்த்தி 98-க்குக் கொண்டாந்துட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

தம்பி, உங்க கையில இருக்கற அஞ்சு போர்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. மாஸ்ஃபெட்டோட சோர்ஸ் காலுல இருந்து ஜாக்கோட கிரவுண்டு காலுக்கு, அடிப்பக்கமா ஒரு தடிமனான ஒயரை சால்டர் பண்ணுங்க. கரண்ட் முக்கால்வாசிக்கு மேல அதுல போயிடும். திரும்ப 8-ஆம் பின்ல கருப்பு ப்ரோபை வெச்சு அளந்துட்டு, எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கு அனுப்புங்க.