மெஷின் நின்றிருக்கிறதே என்று கையை விடாதீர்கள்

வணக்கம். நாளைக்கு முதல் தடவையாக ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. ஹெல்மெட், ஷூ பற்றியெல்லாம் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். நான் பேசப்போவது ஜாம் ஆன மெஷின் பற்றி.

ஒரு கன்வேயரை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி ஒன்று சாய்ந்து, ரோலருக்கும் பக்கத் தடுப்புக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. பெல்ட் நிற்கிறது, சத்தமும் இல்லை. சட்டென்று இழுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பல லைன்களில் பெட்டி வந்துவிட்டதா, போய்விட்டதா என்று பார்க்க ஒரு சென்சார் இருக்கும். சிக்கிய பெட்டி அதை மறைத்துக்கொண்டிருப்பதால் பெல்ட் காத்துக்கொண்டிருக்கலாம். பெட்டியை எடுத்ததும் பெல்ட் ஓடத் தொடங்கும். அப்போது உங்கள் கை உள்ளேதான் இருக்கும்.

சரி, சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டால் போதாதா? ஆபத்தென்றால் யோசிக்காமல் அழுத்துங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். லைனின் அந்தக் கோடியில் நிற்கிறவருக்கு நீங்கள் கண்ணில் படமாட்டீர்கள். அவர் பட்டனை விடுவித்து ஸ்டார்ட் போட்டுவிடலாம். காற்றழுத்த சிலிண்டர் இருந்தால் கரண்ட் போன பிறகும் அது அசையலாம்.

அதனால் பயிற்சி பெற்ற பராமரிப்பு ஆள் என்ன செய்வார் என்று பாருங்கள். முதலில் மெஷினுக்கு வரும் கரண்ட்டைத் துண்டிக்கும் மெயின் ஐசோலேட்டரை ஆஃப் செய்து, அதில் தன் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டுவார். சாவி அவர் பையில் இருக்கும். காற்று வால்வை மூடிப் பூட்டி, குழாயில் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றுவார். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பார். எதுவும் அசையவில்லை என்றால்தான் பெட்டியைத் தொடுவார். இரண்டு பேர் வேலை செய்தால் பூட்டும் இரண்டு. அடுத்தவர் பூட்டை நீங்கள் கழற்றக் கூடாது.

அந்தப் பயிற்சி முடியாதவரை உங்கள் வேலை பட்டனை அழுத்துவதும் ஆளைக் கூப்பிடுவதும்தான்.

கையுறை போட்டிருக்கிறேனே என்று கேட்பீர்கள். பெட்டி தூக்கும்போது, தகடு பிடிக்கும்போது அது நல்லதுதான். சுற்றும் ரோலர், டிரில் பக்கத்தில் அதுவே வினை. துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்துக் கயிறு, அவிழ்ந்த முடி எல்லாம் அப்படித்தான்.

அப்புறம், யாரிடம் சொல்வது? முதலில் உங்கள் லைன் சூப்பர்வைசரிடம். மெஷின் எண், எந்த இடம், என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். மெஷினின் பாதுகாப்பு மூடி கழன்றிருந்தாலும், மூடியைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்சில் டேப் ஒட்டியிருந்தாலும், கை மயிரிழையில் தப்பியிருந்தாலும் சொல்லுங்கள். “அப்படியே ஓட்டு, பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் பாதுகாப்பு அதிகாரியிடமோ தொழிலாளர் பிரதிநிதியிடமோ போங்கள். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் முன், அடுத்து அந்த மெஷினுக்கு வருகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.