முகத்தை வர்ணிக்கும்போது நிறம் எங்கே மாறிப்போகிறது?

[திரையில்: ஒரே பெண்ணின் இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில். முகங்கள் தெரியாதபடி கன்னப் பகுதி மட்டும் பெரிதாக.]

வணக்கம். இடப்பக்கம் இருப்பது ஒரு அம்மாவின் பழைய கலர் போட்டோ. வலப்பக்கம் இருப்பது, அதைப் பார்த்து எங்கள் குழு வரைந்து கொடுத்த படம். அவர் இறந்து சில மாதம் கழித்து மகள் கேட்டு வாங்கிய படம் அது. கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா இது எங்க அம்மா இல்லைங்க" என்றார்.

தவறு வரைந்தவரிடம் இல்லை. அவருக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் இருந்தது. போனில் மகள் சொன்னது, "அம்மா நல்ல கருப்புங்க." அதை அப்படியே எழுத எனக்குக் கூச்சம். மரியாதை என்று நினைத்து "மாநிறம்" என்று எழுதினேன். வரைந்தவர் அந்தச் சொல்லை நம்பி நிறத்தைக் கலந்தார். ஆக, தூரிகை படும் முன்பே அந்த அம்மாவை வெளுக்க வைத்தது நான்தான்.

[திரையில்: "மாநிறம்", "சிவப்பு", "கருப்பா இருந்தாலும்"]

நம் பேச்சில் நிறச் சொற்கள் நழுவிக்கொண்டே இருக்கும். வெளுத்த தோலைச் "சிவப்பு" என்கிறோம். கருப்பைச் சொல்லத் தயங்கி "மாநிறம்" என்கிறோம். அதனால் "மாநிறம்" என்று படிக்கிறவருக்கு எந்த நிறம் என்றே தெரியாது. "கருப்பா இருந்தாலும் களையா இருப்பா" என்பதில் வரும் அந்த "ஆலும்" என்ற ஒட்டு, கருப்பை ஒரு குறையாக வைத்துவிட்டுத்தான் களைக்கு வருகிறது. அதை எடுத்துவிடுங்கள். "கருப்பு. களையான முகம்." இரண்டு தனி வாக்கியம் போதும்.

படம் செய்கிறவருக்கு எழுதும்போது மூன்றைத் தனித்தனியாக எழுதுவேன். முதலாவது, தோல் எவ்வளவு ஆழமான நிறம். அடுத்தது, அதற்கு அடியில் ஓடும் சாயல் சிவப்பா, மஞ்சளா, இரண்டும் கலந்ததா. கடைசியாக, எந்த வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது. ஆழத்துக்குச் சொல்லை மட்டும் நம்பாமல் ஒரு அட்டையைக் காட்டுவது நல்லது. சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கி, 2022-ல் கூகுள் வழியாக வெளிவந்த 10 நிற வரிசை எல்லோரும் பார்த்துப் பேச வசதியானது. சிலர் தோல் மருத்துவத்தின் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைகளைக் குறிப்பில் எழுதுகிறார்கள். அது வெயிலில் தோல் சிவக்கிறதா, கருக்கிறதா என்று அறிய 1975-ல் தொடங்கிய வகைப்பாடு. வரைகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

[திரையில்: போட்டோஷாப் `Info` பேனல். கன்னத்தின் மேல் ஐட்ராப்பர்.]

இப்போது அந்தப் படத்துக்கே வருவோம். `Info` பேனலை `Lab Color`-க்கு மாற்றினால் `L` என்ற எண் வரும். 0 என்றால் முழுக் கருப்பு, 100 என்றால் முழு வெள்ளை. ஒற்றைப் புள்ளியை எடுத்தால் ஒரு துளை, ஒரு மரு எண்ணைக் குழப்பிவிடும். அதனால் `Sample Size`-ஐ `31 by 31 Average` என்று வைத்தேன். நெற்றியின் மினுக்கத்தையும் தாடைக்கு அடியில் விழும் நிழலையும் தவிர்த்து, கன்னத்தின் பக்கவாட்டைத் தொட்டேன். போட்டோவில் 33. எங்கள் படத்தில் 51.

ஏறியது என்னவோ உண்மை. ஆனால் ஏறிய எல்லாமே வெளுப்பு ஆகாது. போட்டோ இருட்டாக எடுக்கப்பட்டிருந்தால் அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும். இரண்டையும் பிரித்தறிய, முகத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். அந்த அம்மாவின் வெள்ளைச் சட்டைக் காலர், போட்டோவில் 90. எங்கள் படத்தில் 91. வெளிச்சம் மாறவே இல்லை, முகம் மட்டும் ஏறியிருக்கிறது. தோலை மாற்றியிருக்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காலர் 60 என்று காட்டியிருந்தால் கதை வேறு. அப்போது போட்டோ முழுவதும் இருட்டு. காலர் வெள்ளையாகும் வரை மொத்தப் படத்தையும் சேர்த்துத் தூக்குவது சரியான வேலை. ஒரே எச்சரிக்கை: காலர் முகத்தின் அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நிழலில் இருக்கும் காலரையும் வெயிலில் இருக்கும் கன்னத்தையும் ஒப்பிட்டால் விடை தவறும்.

கேமராவும் இதில் சும்மா இருப்பதில்லை. அதன் மீட்டர், எதிரில் இருப்பது சராசரியாக நடுச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். கருத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அந்த இடத்தில் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கீழே இறக்கி எடுக்க வேண்டும்.

"முகம் தெளிவாகத் தெரியவில்லையே" என்றுதான் பலர் வெளுக்கிறார்கள். வெளுத்த தோலில் உருவத்தை நிழல் காட்டும். கருத்த தோலில் மினுக்கம் காட்டும். கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, கீழுதட்டின் மேடு, இங்கெல்லாம் ஒளி தெறிக்கும் சின்னப் பரப்பை மட்டும் ஏற்றினால் முகம் எழுந்து நிற்கும். அடி நிறம் அப்படியே 33-ல் இருக்கும். திருத்திய படத்தில் செய்தது அதுதான்.

[திரையில்: முடியின் நெருக்கமான படம்.]

முடிக்கு "பரட்டை" என்று முதல் குறிப்பில் எழுதியிருந்தேன். வருத்தத்தோடு சொல்கிறேன், அது வர்ணனை இல்லை, ஏச்சு. வரைந்தவர் வாராத முடி என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அது பென்சிலைச் சுற்றினாற்போல் இறுகிய சுருள், நெற்றியோரம் நரைத்தது. எண்ணெயோ ஈரமோ இருந்தால் சுருள் நீண்டு தெரியும், காய்ந்தால் சுருங்கும். அதனால் "காய்ந்த நிலையில் தோள் வரை" என்று எழுத வேண்டும். சுருளின் சுற்றளவு, இழையின் தடிமன், நீளம் இருந்தால் போதும். 

மூக்கும் இப்படித்தான். "சப்பை", "எடுப்பு" இரண்டுமே மனதில் வேறொரு மூக்கை வைத்துக்கொண்டு பேசுவது. "இந்த நாட்டு முகம்" என்பது அதைவிட மோசம். ஒரு நாட்டுக்குள் எத்தனை மூக்கு! அந்த முகத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இந்த அம்மாவுக்கு மூக்கின் இறக்கைகள், கண்களின் உள்முனைகளுக்கு நேர்கீழே இறங்கும் கோட்டைவிடச் சற்று வெளியே வருகின்றன. தண்டு தாழ்ந்து, நுனி உருண்டு இருக்கிறது. மேலுதடு கன்னத்தைவிடக் கருமை, கீழுதட்டின் நடுவில் மட்டும் ரோஸ். வாயைச் சுற்றியும் கண்ணடியிலும் கொஞ்சம் ஆழமான நிறம். இதையெல்லாம் "சமப்படுத்தி" ஒரே நிறமாக்கினால் ஆள் தொலைந்துபோவார்.

[திரையில்: திருத்திய குறிப்பு, வரி வரியாக.]

இரண்டாவது குறிப்பு இப்படிப் போனது: "ஆழ்ந்த கருப்பு, சிவந்த பழுப்புச் சாயல். கன்னம் `L` 33 அருகே. ஜன்னல் வெளிச்சம், இடமிருந்து. காலர் 90. வாயோரக் கருமையை எடுக்க வேண்டாம். இறுகிய சுருள், காய்ந்த நிலையில் தோள் வரை, நெற்றியோரம் நரை."

அனுப்பும் முன் மகளிடம் படித்துக் காட்டினேன். "கருப்புன்னே எழுதுங்க" என்றவர், ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: இடது புருவத்தின் நடுவில் ஒரு சின்ன வழுக்கை. போட்டோவில் எனக்கு அது தெரிந்திருக்கவே இல்லை.

படம் முடிந்து பிரிண்ட்டுக்குப் போனபோது கவரின் மேல் ஒரு வரி எழுதினேன். பல லேப்களில் மெஷினே முகங்களைத் தேடி வெளுத்துவிடும் என்பதால், நீங்களும் எழுதிக் கொடுங்கள்: "ஆட்டோ கரெக்‌ஷன் போட வேண்டாம். நிறம் இதுதான்."