நைட்ரிக் ஆசிட் வேஸ்ட் பாட்டில்ல கொஞ்சூண்டு அசிட்டோன் போனா என்ன ஆகும்?

[திரையில்: ஃபியூம் ஹூட் உள்ள ஒரு பழுப்பு நிற கண்ணாடி பாட்டில், மூடி இறுக்கமா இருக்கு]

வணக்கம். ஒண்ணா வைக்கக்கூடாத கெமிக்கல் ஜோடிகள்னு தேடுனா நீள நீளமா சார்ட் கிடைக்கும், அத சுவத்துல ஒட்டி வச்சிட்டு அப்புறம் யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. அதனால இந்த வீடியோல ஒரே ஒரு ஜோடிய மட்டும் எடுத்துக்குறேன். நைட்ரிக் ஆசிட் ஒரு பக்கம், எத்தனால், மெத்தனால், அசிட்டோன் மாதிரி ஆர்கானிக் சால்வென்ட் இன்னொரு பக்கம். ஏன் இது மட்டும்னா, இந்தத் தப்பு கவனமா வேலை செய்றவங்க கையிலயும் நடக்கும். கண்ணாடிப் பாத்திரத்த நைட்ரிக் ஆசிட்ல ஊறவச்சு கழுவுறோம், சீக்கிரம் காயணும்னு கடைசியா அசிட்டோன் விட்டு அலசுறோம், ரெண்டு கழுவுன திரவமும் கைக்கு எட்டுன ஒரே பாட்டில்குள்ள போயிடுது. அவ்ளோதான், வேற எதுவும் தேவையில்ல.

நான் வேலை பாத்த ஒரு லேப்ல இதேதான் நடந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊத்தி மூடிட்டுப் போனாங்க, ஊத்தும்போது புகையும் இல்ல, சத்தமும் இல்ல. மறுநாள் காலைல வந்து பாத்தா ஹூட் உள்ள பாட்டிலே இல்ல, பழுப்புக் கண்ணாடித் துண்டு ஹூட்டோட பின் சுவர் வரைக்கும் சிதறிக் கிடக்கு, பக்கத்துல இருந்த ரெண்டு பாட்டிலும் உடைஞ்சிருக்கு. முன்கதவு கீழ இறங்கி இருந்ததாலயும் ராத்திரில ஆளே இல்லாததாலயும் யாருக்கும் அடிபடல.

ஊத்துனப்ப ஏன் ஒண்ணும் ஆகல? இதத்தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்குறாங்க. கலந்த உடனே பொங்குனாதான் ஆபத்து, பொங்கலன்னா சேஃப்னு நினைக்கிறோம். நைட்ரிக் ஆசிட் ஆசிட் மட்டும் இல்ல, பலமான ஆக்சிடைசரும் கூட, கார்பன் உள்ள சால்வென்ட் அதுக்கு எரிபொருள் மாதிரி. ஆனா ஆரம்பத்துல ரியாக்‌ஷன் ரொம்ப மெதுவா போகும். அப்ப கொஞ்சமா நைட்ரஸ் ஆசிட்டும் நைட்ரஜன் ஆக்சைடும் உண்டாகும், அது உண்டாக உண்டாக அதுவே ரியாக்‌ஷன வேகப்படுத்தும், வேகம் கூடுனா சூடு கூடும், சூடு கூடுனா இன்னும் வேகம். மூடிய இறுக்கி வச்சா அந்த வாயு வெளிய போகாம உள்ளயே தங்கி இன்னும் தூண்டி விடும். அதனால அரை மணி நேரத்துலயும் நடக்கலாம், மறுநாளும் நடக்கலாம், செறிவு எவ்ளோ, அறை எவ்ளோ சூடு, சால்வென்ட் எவ்ளோ போச்சுங்கறத பொறுத்தது.

[திரையில்: 2.5 லிட்டர் பாட்டில், பாதிக்கு மேல ஆசிட், மேல காலி இடம்]

அளவ ஒரு தடவ கணக்கு போட்டுப் பாப்போம். 2.5 லிட்டர் பாட்டில், உள்ள 1.5 லிட்டர் ஆசிட் வேஸ்ட், மேல 1 லிட்டர் காலி இடம். அதுல 20 மில்லி எத்தனால் போகுதுன்னு வைங்க, நாலு டீஸ்பூன்தான். அது கிட்டத்தட்ட 16 கிராம், மோல் கணக்குல 0.34. ஒரு எத்தனால் மூலக்கூறுக்கு ஒரே ஒரு வாயு மூலக்கூறு வெளிய வந்தா கூட (முழுசா ஆக்சிடைஸ் ஆனா அதுக்கு மேலயே வரும்) அறை வெப்பத்துல 8 லிட்டர் வாயு. அந்த 8 லிட்டரும் 1 லிட்டர் இடத்துல அடையணும். கார் டயர்ல இருக்குற அழுத்தத்தப் போல மூணு மடங்குக்கு மேல, அதுவும் அழுத்தத்துக்குன்னே செய்யாத கண்ணாடி பாட்டில்குள்ள.

இது சின்ன லேப்ல மட்டும் நடக்குற விஷயம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல நியூ மெக்சிகோல, சுமார் 650 மீட்டர் ஆழத்துல உப்புப் பாறைக்குள்ள அணுக்கழிவு சேமிக்கிற இடம் இருக்கு. அங்க 2014 பிப்ரவரி 14 ராத்திரி ஒரு டிரம் தானா சூடாகி உடைஞ்சுச்சு. லாஸ் அலமோஸ் லேப்ல 2013 டிசம்பர்ல நிரப்புன டிரம் அது. உள்ள நைட்ரேட் உப்பு கலந்த கழிவு, அதுல இருந்த ஈரத்த உறிஞ்ச களிமண் மாதிரி கனிமப் பொருள் போட வேண்டிய இடத்துல வீட்டுப் பூனை மலம் கழிக்கிற தட்டுல போடுற, கோதுமைல செஞ்ச பூனை மணல போட்டிருந்தாங்க. நைட்ரேட் ஆக்சிடைசர், கோதுமை எரிபொருள், நம்ம பாட்டில் கதையேதான், என்ன, கொதிக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த இடம் மறுபடி வெளியில இருந்து கழிவு வாங்க 2017 ஏப்ரல் ஆயிடுச்சு.

இதுல இருந்து லேபுக்கு நேரா ஒரு விஷயம் வருது. நைட்ரிக் ஆசிட் கொட்டுனா டிஷ்யூ பேப்பர், மரத்தூள், பழைய துணி எதாலயும் துடைச்சு குப்பைத்தொட்டில போடாதீங்க, செல்லுலோஸும் எரிபொருள்தான், தொட்டில கிடந்து புகையும். சின்ன சிந்தலா இருந்தா சோடியம் பைகார்பனேட்ட ஓரத்துல இருந்து உள்பக்கமா தூவுங்க, நுரைக்கிறது அடங்குனப்புறம் அள்ளுங்க.

[திரையில்: அலமாரி, "ஆசிட்" லேபிள், ரெண்டு பாட்டில் பக்கத்துல பக்கத்துல]

இப்ப அலமாரிக்கு வருவோம். கதவுல ஆசிட்னு எழுதியிருக்கும், திறந்தா நைட்ரிக் ஆசிட்டும் கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டும் ஒரே தட்டுல நிக்கும். பேர்ல ஆசிட் இருக்குங்கறதுக்காக சேத்து வச்சிருப்பாங்க. ஆனா அசிட்டிக் ஆசிட் ஆர்கானிக், அதோட ஃபிளாஷ் பாயின்ட் 39 டிகிரிதான், அதாவது தீப்பிடிக்கிற திரவம். பேர பாத்து அடுக்காதீங்க, குணத்த பாத்து அடுக்குங்க. அசிட்டிக் ஆசிட் தீப்பிடிக்கிற பொருளோட போகணும், நைட்ரிக் ஆசிட் தனி அலமாரில, தனியா ஒரு பிளாஸ்டிக் டிரேல நிக்கணும். இடமே இல்லன்னா, ரெண்டும் ஒரே நேரத்துல உடைஞ்சாலும் ஒண்ணோட ஒண்ணு சேராத அளவுக்காவது வேற வேற டிரேல, தள்ளி வைங்க.

வேஸ்ட்டுக்கு நான் செய்யச் சொல்றது இதுதான். நைட்ரிக் ஆசிட் வந்த காலி பாட்டிலயே அதோட வேஸ்ட்டுக்கு வச்சுக்கங்க. சால்வென்ட் வந்த பாட்டில கழுவி எடுத்துக்குறேன்னு சொல்லாதீங்க, அடியில கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் ஆபத்துதான், 20 மில்லி என்ன பண்ணும்னு மேல பாத்தோம். முதல் சொட்டு ஊத்துறதுக்கு முன்னாடியே லேபிள் ஒட்டிடுங்க, "நைட்ரிக் ஆசிட் வேஸ்ட், சால்வென்ட் ஊத்தாதே"ன்னு பெருசா. வாயு வெளியேறுற மூடி போடுங்க, கால்வாசி இடம் காலியா விடுங்க. அப்புறம் பாத்திரம் கழுவும்போது ஆசிட்டுக்கும் அசிட்டோனுக்கும் நடுவுல தண்ணில மூணு தடவ அலசுங்க, அந்தத் தண்ணி ஆசிட் வேஸ்ட்டுக்கு, அசிட்டோன் சால்வென்ட் வேஸ்ட்டுக்கு. எங்கிட்ட இருக்குறது டைல்யூட் ஆசிட்தானேன்னு கேப்பாங்க, மெதுவா நடக்குமே தவிர அதுவும் சேக்கக்கூடாது, ஏன்னா நாளைக்கு அதே பாட்டில்ல வேற ஒருத்தர் கான்சென்ட்ரேட்டட் ஊத்துவாரு.

சரி, தப்பு ஏற்கனவே நடந்துட்டா எப்படி தெரியும்? திரவத்துல குட்டிக் குட்டி குமிழி ஏறிட்டே இருக்கும், மேல காலி இடத்துல செம்பழுப்பு நிறத்துல ஆவி தெரியும் (பழுப்பு பாட்டில்ல இது சட்டுனு தெரியாது, அதான் சிக்கல்), மூடி உப்பியிருக்கும், மூடியோரம் புஸ்ஸுனு கசியும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் பாட்டில தூக்காதீங்க, மூடிய இறுக்காதீங்க, திறந்து விட்டுடலாம்னும் முகத்த கொண்டு போகாதீங்க. ஹூட் கதவ முழுசா இறக்கிட்டு, ஃபேன் ஓடட்டும், எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போய் சேஃப்டி பொறுப்புல இருக்குறவங்களுக்கு சொல்லுங்க.

அந்த செம்பழுப்பு ஆவி நைட்ரஜன் டையாக்சைடு. மூச்சுல போனா அப்போதைக்கு லேசா இருமல் வந்து அடங்கிடும், ஆளும் நல்லா இருக்கேன்னு வீட்டுக்குப் போயிடுவாரு, ஆனா பல மணி நேரம் கழிச்சு, சில சமயம் ஒரு நாள் ஆனப்புறம் கூட நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு திணறும். அதனால ஆவிய சுவாசிச்சவர அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, டாக்டர்கிட்ட "நைட்ரஜன் டையாக்சைடு"ன்னு பேர சொல்லி, எத்தனை மணிக்கு சுவாசிச்சாருங்கறதையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க.