அப்பா கையெழுத்துப் போட்டால் பாட்டிக்கும் பேத்திக்கும் சேர்த்துச் செல்லுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

கேள்வி: மேடம், பெங்களூரு அல்சூர்ல இருக்கிற தமிழ்க் குடும்பங்கள்ல பாட்டியும் பேரப்பிள்ளையும் பேசிக்கிறதை ரெக்கார்டு பண்ணி, வீட்டுத் தமிழ் பத்தி ஆய்வு பண்றேன். பாட்டிக்கு ஒரு சின்ன ஞாபக டெஸ்ட்டும் உண்டு. ஒரு வீட்டுல பாட்டிக்கு 76 வயசு, கொஞ்சம் மறதி. பேத்திக்கு 9. அப்பா, "ரெண்டு பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டுடறேன்"ங்கறார். போதுமா?

பதில்: போதாது. பேத்தி விஷயத்துல அவர் கையெழுத்து வேணும், ஆனா அது மட்டும் பத்தாது. பாட்டி விஷயத்துல அந்தக் கையெழுத்துக்கு இப்போதைக்கு மதிப்பே கிடையாது. பாட்டி ஒரு மேஜர். மறதி இருக்குன்னு சொன்ன உடனே மகன் அவங்களுக்குக் கார்டியன் ஆயிட மாட்டார்.

முதல்ல பேத்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி 18 வயசுக்குக் கீழே இருந்தா பெத்தவங்க சம்மதம் கட்டாயம். உங்க ஆய்வு மாதிரி ஆபத்து ரொம்பக் குறைவா இருந்தா அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் போட்டா போதும். அதுக்கு மேல குழந்தையோட ஒப்புதல் தனி. 7 வயசுலேர்ந்து 12 வரைக்கும் வாய்மொழியா, பெத்தவங்க இருக்கும்போது வாங்கிக் குறிச்சு வைக்கணும். 12க்கு மேல எளிமையா எழுதின படிவத்துல குழந்தையே கையெழுத்துப் போடணும். உங்க பேத்திக்கு 9, அதனால வாய்மொழி.

சிக்கல் எங்கே வருதுன்னா, அப்பா பக்கத்துல உட்கார்ந்து "சரின்னு சொல்லும்மா"ன்னா குழந்தை சரின்னுதான் சொல்லும். அப்பா அதே அறையில இருக்கட்டும், ஆனா குழந்தையோட கண்ணுக்கு நேரா வேண்டாம். நீங்க தரையில உட்காருங்க. "நீயும் பாட்டியும் பேசறதை இந்த மெஷின்ல பதிவு பண்ணலாமா? வேண்டாம்னா நான் போயிடுவேன், யாரும் திட்ட மாட்டாங்க"ன்னு கேளுங்க. அப்புறம் வேண்டாம்னு சொல்றதை ஒரு தடவை விளையாட்டா பழக்கிக் காட்டுங்க. குழந்தை கையை நீட்டினா நீங்க ரெக்கார்டரை நிறுத்தணும். ரெண்டு மூணு தடவை அது நிறுத்திப் பார்க்கட்டும். நிறுத்தினா நிஜமாவே நிக்குதுன்னு கண்ணால பார்த்தாதான் பிள்ளைகள் நம்பும்.

எதிர்ப்பு சொல்லலையே, அதனால சம்மதம்னு எடுத்துக்கக் கூடாது. அடிக்கடி பாத்ரூம் போறது, ஒரே வார்த்தையில பதில் சொல்றது, ஒவ்வொரு கேள்விக்கும் அப்பா முகத்தைப் பார்க்கிறது, இதெல்லாம் 'வேண்டாம்'தான். சாக்லேட் கொடுக்கறதா இருந்தா கலந்துக்கிட்டாலும் இல்லேன்னாலும் கொடுங்க. இன்னொண்ணு, "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீங்க. பாலியல் துன்புறுத்தல் பத்தி ஏதாவது தெரிய வந்தா, போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி நீங்க தகவல் சொல்லியே ஆகணும். அதனால, "உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவேன்"னு முன்னாடியே சொல்லிடுங்க.

இப்போ பாட்டி. இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஞாபக டெஸ்ட்டுல மார்க் குறைஞ்சா சம்மதம் சொல்லத் தகுதி இல்லைன்னு முடிவு பண்ணிடறாங்க. அந்த மார்க் படிப்பைப் பொறுத்தும் ஏறி இறங்கும், பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு அது நியாயமும் இல்லை. தகுதிங்கறது அந்தந்த முடிவைப் பொறுத்தது. பேங்க் கணக்கு பார்க்க முடியாதவங்களுக்கு, பேத்தியோட பேசறதை ரெக்கார்டு பண்ணலாமா வேண்டாமான்னு நல்லாவே முடிவு பண்ண முடியும்.

அதைத் தெரிஞ்சுக்க ஒரே வழி, சொல்லிட்டுத் திரும்பக் கேட்கிறதுதான். காலையில போங்க, சாயங்காலம் பலருக்குக் குழப்பம் கூடும். கண்ணாடி, காது மெஷின் போட்டிருக்காங்களான்னு பாருங்க, டிவியை அணைக்கச் சொல்லுங்க. விஷயத்தை நாலஞ்சு துண்டா சொல்லி, ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் கேளுங்க. நான் எதுக்கு வந்திருக்கேன்? இந்த மெஷின் என்ன பண்ணும்? இதனால உங்களுக்கு மருந்தோ சிகிச்சையோ கிடைக்குமா? பிடிக்கலேன்னா என்ன பண்ணலாம்? நிறுத்தினா யாராவது கோபிப்பாங்களா? மூணாவது கேள்விதான் முக்கியம். ஞாபக டெஸ்ட்னு சொன்னதும் நீங்க டாக்டர், மறதிக்கு மருந்து தருவீங்கன்னு பல பாட்டிமார் நினைச்சுக்குவாங்க. தப்பா சொன்ன கேள்வியை மட்டும் வேற வார்த்தையில விளக்கி மறுபடி கேளுங்க. மூணு சுத்துக்குப் பிறகும் பிடிபடலேன்னாதான், சட்டப்படி அவங்க சார்பா முடிவெடுக்கக்கூடியவரோட சம்மதத்துக்குப் போகணும். அப்பவும் பாட்டி முகம் சுளிச்சா நிறுத்திடணும்.

"என் பையன் சொன்னா சரிம்மா"ன்னு பாட்டி சொல்லுவாங்க. அது தகுதி இல்லாததுக்கு அடையாளம் இல்லை, சம்மதமும் இல்லை. பையன்கிட்ட கேட்டுட்டு வர நேரம் கொடுங்க, ஆனா பதில் அவங்க வாயிலேர்ந்து வரணும். கைநாட்டு வைக்கிறவங்களா இருந்தா, எழுதப் படிக்கத் தெரிஞ்ச, சார்பில்லாத ஒரு சாட்சி ஆரம்பத்துலேர்ந்து கூட இருக்கணும். மகனும் உங்க டீம் ஆளும் சாட்சி ஆக முடியாது. பக்கத்து வீட்டு டீச்சர் ஆகலாம். பெங்களூருல ஒண்ணு கவனிங்க, பாட்டிக்குத் தமிழ்ப் படிவம் வேணும், பேத்தி கன்னடமும் இங்கிலீஷும்தான் படிப்பா. ஒரே படிவத்தை ரெண்டு பேருக்கும் கொடுக்காதீங்க.

அடுத்து அந்த அப்பா என்ன சொல்லுவார்னா, "அம்மாகிட்ட ஞாபகம், மறதின்னெல்லாம் சொல்லாதீங்க, பயந்துடுவாங்க." 1963ல அமெரிக்காவுல, நியூயார்க்கோட புரூக்ளின் பகுதியில ஒரு ஆஸ்பத்திரியில 22 நோயாளிகளுக்கு, பெரும்பாலும் தளர்ந்துபோன வயசானவங்க, உயிருள்ள கேன்சர் செல்லை ஊசியில போட்டாங்க. கேன்சர்ங்கற வார்த்தையைச் சொன்னா பயப்படுவாங்கன்னு சொல்லாமலே விட்டாங்க. உங்க ஆய்வு எங்கே, அது எங்கே, ஆனா சாக்கு ஒண்ணுதான். "வயசானா பேர், தேதி மறக்கறது எப்படின்னும் பார்க்கறோம்"னு மெதுவா சொல்லலாம். மறைக்கக் கூடாது. மறைச்சே ஆகணும்னு அப்பா பிடிவாதம் பிடிச்சா அந்த வீட்டை விட்டுடுங்க.

ஒரு தடவை வாங்கின சம்மதம் கடைசி வரைக்கும் நிக்காது. திங்கட்கிழமை சரின்னவங்களுக்கு வியாழக்கிழமை உங்க முகமே நினைவிருக்காது. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் எடுத்துக்கிட்டு மறுபடி சொல்லி, கேட்டு, தேதியோட எழுதி வைங்க.

அந்த ஞாபக டெஸ்ட்டைப் பேத்தி எதிர்ல வைக்காதீங்க. "இன்னிக்கு என்ன கிழமை?"ன்னதும் பாட்டி தடுமாறுவாங்க, பேத்தி பக்குன்னு சிரிச்சுட்டு "புதன்கிழமை பாட்டி!"ன்னு சொல்லிடும். மார்க்கும் கெட்டது, அந்த வீட்டுல பாட்டிக்கு இருந்த இடமும் போச்சு. தனி அறையில, நீங்களும் பாட்டியும் மட்டும். மகன் மார்க் கேட்டா, பாட்டி சம்மதிச்சாதான் சொல்லணும். அதுவும் முன்னாடியே அவரோட பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

கடைசியா, ரெண்டு பேர் குரலும் ஒரே பதிவுல இருக்கு. நாளைக்குப் பாட்டி "வேண்டாம், அழிச்சுடு"ன்னு சொல்றாங்க, பேத்தி வெச்சுக்கலாம்ங்கறா. பாட்டி குரலை மட்டும் வெட்டினா, பேத்தி பதில்லேர்ந்தே பாட்டி என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுடும். அதனால ஒருத்தர் விலகினாலும் முழுப் பதிவும் போகும்னு உங்க எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்துலயே எழுதுங்க. எந்தத் தேதிக்குள்ள சொன்னா அழிக்க முடியும்னும் போடுங்க. கட்டுரை அச்சானதுக்கு அப்புறம் அழிக்கறேன்னு சொல்றது பொய் வாக்கு.