பந்து கையில் இருக்கும்போது பேசாதீர்கள்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பின்னேரம் வெயில் தணிந்த பிறகு எந்த ஊருக்குள் போனாலும் எங்கேயாவது ஒரு கரப்பந்து நெற் கட்டியிருக்கும். பக்கத்தில் ஒருவர் நிற்பார். பெரும்பாலும் சத்தம் போட்டுக்கொண்டு நிற்பார். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விளையாடுகிறவர்களைப் பார்த்ததைவிட, இந்தச் சத்தம் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இன்று பேசப்போவதும் அவர்களைப் பற்றித்தான்.

ஒரு பயிற்சியைப் பழகுகிற பிள்ளை பிழை விடும்போது அதை எப்போது சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, எவ்வளவு சொல்வது. எல்லா விளையாட்டையும் இழுத்துப் போடாமல் சேர்விஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோட்டுக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் பந்தை எறிந்து, மற்றக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அடிக்கிற சேர்விஸ். கரப்பந்தில் அது ஒன்றைத்தான் யாருடைய பாஸும் இல்லாமல் ஒரு பிள்ளை தனியாகச் செய்கிறது. அதனால் பிழையின் காரணமும் அந்தப் பிள்ளையிடமே இருக்கும், தேடுவது சுலபம்.

நான் அடிக்கடி சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்கள் அணியின் பயிற்சி பார்க்கப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே ஒரு பிள்ளை, நல்ல உயரம், நல்ல பலம். ஆனால் அடிக்கிற சேர்விஸில் பாதிக்கு மேல் நெற்றில் போய் விழுகிறது. பயிற்றுவிக்கிறவர் இளைஞர், நல்ல உழைப்பாளி. பிள்ளை பந்தை மேலே எறிகிறாள், அவர் தொடங்குகிறார்: "முழங்கைய உயர்த்து! பந்தப் பார்! மணிக்கட்டு! கால முன்னுக்கு வை!" பந்து நெற்றில் விழுகிறது. விழுந்து முடிவதற்குள், "சொன்னன்தானே, முழங்கை!" பிள்ளை அடுத்த பந்தை எடுக்கிறாள். மறுபடியும் அதே நாலு கட்டளை. இப்போது இன்னும் ஒன்று சேர்ந்துவிட்டது: "பயப்படாத!"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பந்து இடக்கையை விட்டுப் போய், வலக்கை அதை அடிக்கிறவரைக்கும் கிட்டத்தட்ட ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடிக்குள் ஒரு சொல்லைக் காதில் வாங்கி, விளங்கி, ஏற்கெனவே கிளம்பிவிட்ட கையைத் திருப்பி வேறு மாதிரிக் கொண்டுபோக யாராலும் முடியாது. காதில் விழுகிற சத்தம் கவனத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போகும். பந்தைப் பார்க்கவேண்டிய பிள்ளை குரலைக் கேட்கிறாள். அதனால்தான் எந்தப் பயிற்சியாளரைக் கண்டாலும் முதலில் இதைச் சொல்வேன்: பந்து கையில் இருக்கும்போது பேசாதீர்கள். எறிந்த பிறகும் பேசாதீர்கள். ஒன்றுக்கு மட்டும் விலக்கு. தோளில் நோ தெரிகிறது, பின்னால் இன்னொரு பந்து காலடிக்கு உருண்டு வருகிறது என்றால் உடனே கத்துங்கள். அது நிறுத்துவதற்கான சத்தம்.

சரி, பந்து விழுந்துவிட்டது. இப்போதாவது பேசலாமா? கொஞ்சம் பொறுங்கள். அடித்த பிள்ளைக்கும் ஒரு செய்தி வந்திருக்கிறது. பந்து உள்ளங்கையில் எங்கே பட்டது, கை நீண்டிருந்ததா மடிந்திருந்ததா, பாரம் எந்தக் காலில் நின்றது, எல்லாம் அவளுடைய உடம்பு அறியும். அந்த அறிவைக் கவனிக்க சில விநாடிகள் வேண்டும். நாங்கள் உடனே வாயைத் திறந்தால் அதை மூடிவிடுகிறோம். 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அசைவு முடிந்த அதே கணத்தில் பலனைச் சொன்னபோது, சில விநாடி கழித்துச் சொன்னதைவிடக் கற்றல் மோசமாகவே இருந்தது. ஆகவே பிள்ளை போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வரட்டும். வந்ததும் சொல்ல வேண்டாம், கேளுங்கள்: "என்ன நடந்த மகள்?"

அன்றைக்கு அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டுவிட்டு அதைத்தான் கேட்டேன். பிள்ளை யோசித்தாள். "பந்து முன்னுக்குப் போயிற்று சேர்" என்றாள். அவ்வளவு நேரமும் ஐந்து கட்டளை கேட்ட பிள்ளைக்குக் காரணம் தெரிந்தே இருக்கிறது! யாரும் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் நான் பத்து சேர்விஸை ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டேன். இது முக்கியம். ஒரு அடியைப் பார்த்துத் திருத்தினால் அந்த அடியின் பிழையைத் திருத்துவீர்கள். பத்தைப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருகிற பிழை எது என்று தெரியும். முழங்கை மடிந்தது உண்மை. மணிக்கட்டு தளர்ந்ததும் உண்மை. ஆனால் இரண்டும் எப்போது வந்தன? பந்தை உடம்புக்கு மிக முன்னால் எறிந்தபோது. பந்து முன்னால் போனால் பிள்ளை எட்டி, குனிந்து, தாழ்வாக அடிக்கவேண்டி வருகிறது. தாழ்ந்த பந்து நெற்றில்தான் விழும். பெண்களுக்கு நெற்றின் உயரம் 2.24 மீற்றர், சேர்விஸ் கோட்டில் இருந்து தூரம் 9 மீற்றர். அடிக்கிற இடம் கொஞ்சம் இறங்கினாலே போதும். பந்தைச் சரியாக எறிந்த நேரம் முழங்கை தானாகவே நீண்டது. அப்படியென்றால் ஐந்து பிழை இல்லை. ஒரு பிழையும் அதன் நாலு விளைவும்தான். விளைவுகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தால் காரணம் அப்படியே இருக்கும்.

அப்புறம் செய்தது இது. பிள்ளையின் காற்செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவள் நிற்கிற இடத்தில், முன்காலுக்கு ஒரு அடி முன்னால், அடிக்கிற தோளுக்கு நேரே அந்தச் செருப்பை வைத்தேன். "அடிக்க வேண்டாம். எறி. விழவிடு. செருப்பில விழவேணும்." அவ்வளவுதான். போட்டியில் இப்படி எறிந்து விழவிட்டால் சேர்விஸ் போய்விடும், ஒருமுறைதான் எறியலாம். பயிற்சியில் தாராளமாகச் செய்யலாம். இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: "செருப்பில இருந்து ஒரு சாணுக்குள்ள விழுந்தா நான் வாய் திறக்கமாட்டன். நான் பேசாம நின்றா சரியென்று எடு." இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பேசாமல் நிற்கிற ஆளைப் பிள்ளை கோபத்தில் நிற்கிறார் என்று நினைக்கும்.

பாருங்கள், இதில் நான் திருத்துவதற்கே ஒன்றுமில்லை. பந்து எங்கே விழுந்தது என்பதை அவளே காண்கிறாள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பந்து இழுபடும். அப்போது இன்னும் தாழ்வாக எறியவேண்டும் என்பதையும் செருப்பே காட்டிக்கொடுக்கும்.

கொஞ்ச நேரத்தில் பந்து செருப்பைச் சுற்றி விழத் தொடங்கியது. மறுகா அடிக்கவிட்டோம். ஒரே ஒரு சொல்: "செருப்புக்கு நேரே." முழங்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இளைஞருக்கு வாய் துடித்தது, பாவம். முதலில் மூன்று அடிக்கு ஒருமுறை பேசினேன், பிறகு ஐந்து அடிக்கு ஒருமுறை. ஐந்தையும் சேர்த்துப் பார்த்து ஒரு வசனம். பந்து நெற்றைத் தாண்டிப் போகத் தொடங்கியது. எல்லாம் இல்லை, ஆனால் நெற்றில் விழுந்தபோதெல்லாம் நான் சொல்வதற்கு முன்னாலேயே "முன்னுக்கு" என்று அவளே சொன்னாள்.

ஏன் செருப்பு, ஏன் முழங்கை இல்லை? இதற்கு ஆய்வும் இருக்கிறது, அதுவும் கரப்பந்து சேர்விஸிலேயே. 2002இல் காப்ரியேல வுல்ஃப் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது. ஒரு பகுதியினருக்குத் திருத்தத்தை உடம்பின் பெயர் சொல்லிச் சொன்னார்கள்: மணிக்கட்டு, கை, பாரத்தை மாற்றும் கால் என்று. மற்றவர்களுக்கு அதே திருத்தத்தைப் பந்து, இலக்கு என்று வெளியே உள்ளதைக் காட்டிச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டம் இலக்குக்குக் கூடுதல் நெருக்கமாக அடித்தது. புதியவர்களிலும் அப்படி, அனுபவம் உள்ளவர்களிலும் அப்படி. தன் மூட்டை நினைத்து அசைக்கிறவர் தானாக ஓடவேண்டிய அசைவில் கை வைக்கிறார், அதனால் அது இறுகுகிறது என்பது அவர்கள் தருகிற விளக்கம். ஆகவே "முழங்கைய நீட்டு" என்பதற்குப் பதில் "பந்தை உயரத்திலேயே பிடி" என்று சொல்லிப் பாருங்கள். முழங்கை நீளாமல் உயரத்தில் அடிக்க முடியாது.

குறைவாகப் பேசுவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1990இல் வின்ஸ்டைன், ஷ்மிட் என்ற இருவர், கையால் ஒரு பிடியை அசைக்கும் வேலையைப் பழக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் பலனைச் சொன்னார்கள், மற்றதற்குப் பாதி முயற்சிக்குத்தான். பழகும்போது பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த நாள் ஒன்றும் சொல்லாமல் செய்யச் சொன்னபோது, குறைவாகக் கேட்டவர்களே நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே குரலில் பேசவில்லை. வேலை சிக்கலானதாக இருந்தாலும், பிள்ளை முற்றிலும் புதிதாக இருந்தாலும் ஆரம்பத்தில் கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும். அதனால் பாதி என்று கணக்கு வைக்காதீர்கள், போகப் போகக் குறையுங்கள். எவ்வளவு குறைத்தீர்கள் என்பதைவிட, அடுத்த பயிற்சி நாளில் வாயைத் திறக்காமல் முதல் பத்து சேர்விஸை எண்ணுவதைத்தான் நான் நம்புகிறேன். முதல் நாள் பின்னேரம் நன்றாக அடித்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபடியால் வந்த அடியாகவும் இருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். கைத்தொலைபேசி வீடியோவைப் பற்றி ஆறுதலாகப் பேச நினைத்து வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் நின்று எடுங்கள், எறிகிற கை தெரிகிற பக்கம். ஒவ்வொரு அடிக்கும் காட்டாதீர்கள். பிள்ளை கேட்கும்போது காட்டுங்கள். காட்டும்போது பார்க்கவேண்டிய இடம் ஒன்றைமட்டும் முதலில் சொல்லிவிடுங்கள், பந்து கையை விடுகிற இடம் என்றால் அது மட்டும். இல்லாவிட்டால் பிள்ளை தன் தலைமுடியைத்தான் பார்க்கும். போட்டி நடக்கிற நாளில் புதுத் திருத்தம் ஒன்றும் வேண்டாம், பெற்றோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.